ஷீட் மாற்ற வந்த ஐந்து பேர்

அம்பத்தூர், ஓசூர், கோவை என எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும், சிறு தொழிற்சாலையின் கேட்டருகே ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்காக, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். அதில் ஏதாவது ஒரு நாளின் பக்கத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ‘காண்ட்ராக்டர் + 4, ஷீட் வேலை, 9.10’ என்று ஒரு வரி இருக்கும். போன நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். அந்த நான்கு பேர் யார், கூரையில் எந்தப் பக்கம் ஏறினார்கள், ஏறும் முன் அவர்களிடம் யார் என்ன சொன்னார்கள், மாலையில் ஐந்து பேரும் இறங்கி வெளியே போனார்களா என்று கேட்டால், அந்த வரியிலிருந்து பதில் கிடைக்காது.

அந்த நோட்டு திருட்டுக்குப் பயந்து வைத்தது. யார் வந்தார் என்பதை மட்டும் அது கேட்கிறது. தொழிற்சாலைக்குள் வெளியாள் வருவதில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வந்தவர் என்ன வேலை செய்யப் போகிறார், எந்த இடத்தில், உள்ளே யார் பொறுப்பில், எத்தனை மணிவரை. இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் ஒருவரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைப்பதுதான் நுழைவு விதிமுறை. ஒரு சிறு தொழிற்சாலைக்கு இரண்டு பக்கம் போதும். ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்காக எங்கிருந்தோ நகலெடுத்த முப்பது பக்கக் கோப்பை வாட்ச்மேன் ஒருநாளும் திறக்கப் போவதில்லை.

சட்டம் இதில் யாரைப் பிடிக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ‘அவங்க காண்ட்ராக்டர் ஆளு, நமக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்ற பேச்சைப் பல முதலாளிகளிடம் கேட்கலாம். அது செல்லாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ‘தொழிலாளி’ என்பதற்கான விளக்கத்தில் காண்ட்ராக்டர் மூலம் வருபவரும் அடங்கியிருந்தார். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், தன் தொழில் சார்ந்த வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டவரிடமே நேரடியாக இழப்பீடு கேட்க வழி செய்தது. கொடுத்த தொகையைக் காண்ட்ராக்டரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வது பிறகு அவர் பாடு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் எத்தனை பேர் இருந்தால் எந்தப் பிரிவு பொருந்தும் என்ற வரம்புகள் மாறியிருக்கின்றன. பொறுப்பு குறையவில்லை. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, உரிமையாளருக்குத் தெரிந்தோ தெரியாமலோ அவரது பணியிடத்தில் இருக்கும் ஆட்களின் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு என்கிறது. ‘தெரியாமலோ’ என்பதைக் கவனியுங்கள். நோட்டில் பெயர் எழுதாமல் உள்ளே வந்த நான்கு பேரும் அதில் அடக்கம்.

வருகிறவர்களை அவர்களுடைய அந்தஸ்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். வி.ஐ.பி., கஸ்டமர், சப்ளையர், கூலியாள் என்று. அது பயன்படாது. உள்ளே அவர்கள் எதுவரை போகப்போகிறார்கள், கையில் வேலை உண்டா என்பதை வைத்துப் பிரித்தால் விதி தானாக எளிதாகிவிடும். ஆபீஸ் அறையோடு திரும்பிவிடுகிறவர்கள் ஒரு வகை. மெஷின்கள் ஓடும் இடத்தைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இரண்டாம் வகை. கையில் கருவியோடு வந்து வேலை செய்கிறவர்கள் மூன்றாம் வகை. சரக்கு ஏற்றி இறக்க வரும் லாரி டிரைவரும் கிளீனரும் தனி. அவர்கள் லோடிங் இடத்தைத் தாண்டி வரத் தேவையில்லை. ஆனால் வண்டியின் சாவி வாட்ச்மேன் கைக்கு வந்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு அருகே போக வேண்டும். சரக்கு இறங்கி முடிந்துவிட்டது என்று நினைத்து டிரைவர் வண்டியை நகர்த்தும்போதுதான் அங்கே ஆள் நசுங்குகிறது.

முதல் இரண்டு வகைக்கும் அதிகம் எழுத வேண்டியதில்லை. யாரைப் பார்க்க வந்தாரோ அவர் கேட்டுக்கு வந்து அழைத்துப் போக வேண்டும், முடிந்ததும் கேட்டுவரை கொண்டுவந்து விட வேண்டும். பாதி வழியில் ‘அப்படியே நேராப் போனீங்கன்னா கேட்’ என்று கைகாட்டி விடுவது கூடாது. மெஷின் ஷாப்புக்குள் போகிறவருக்கு மூடிய காலணியும் கண்ணாடியும் வேண்டும். நான்கைந்து ஜோடி காலணிகளைப் பல அளவில் கேட்டில் வைத்திருப்பது நல்லது. தொங்கும் துப்பட்டா, முந்தானை, கழுத்து ஐ.டி. கார்டு கயிறு ஆகியவற்றை இறுக்கிச் செருகிய பிறகே லேத் அருகே விட வேண்டும். சுழலும் சக்கிலும் டிரில்லிலும் துணி மாட்டினால் இழுத்துக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது. செல்போனில் படம் எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கஸ்டமர் கொடுத்த டிராயிங் சுவரில் ஒட்டியிருக்கும்போது அதைப் படமெடுக்க விட்டால், கஸ்டமரிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திறந்து கிடக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வரும் ஒரு டூல் கம்பெனி விற்பனையாளர், தனக்கு முன் அந்த வாரம் எந்தப் போட்டிக் கம்பெனிக்காரர் வந்தார், யாரைப் பார்த்தார், அவர் போன் நம்பர் என்ன என்று நின்ற நிலையில் படித்துவிடுவார். எழுதுவதுபோல் பக்கத்தைப் புரட்டுகிறவர்களும் உண்டு. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் போய்விடும். அதேபோல் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு வைக்கும் பழக்கமும் நிற்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவையில்லாமல் சேர்த்த ஒவ்வொரு நகலும் நீங்கள் காவல் காக்க வேண்டிய சுமை. அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இனி மூன்றாம் வகை. என் கணிப்பில், விதிமுறைக்காகச் செலவிடும் நேரத்தில் முக்கால் பங்கு இவர்களுக்குப் போக வேண்டும். விருந்தாளி பார்த்துவிட்டுப் போய்விடுவார். காண்ட்ராக்டர் ஆள் உங்கள் கூரையில் ஏறுவார், உங்கள் மின்சாரத்தை எடுப்பார், உங்கள் தின்னர் டின்னுக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்க விடுவார். இதில் எது எங்கே இருக்கிறது என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தொழில் நுணுக்கம் அவருக்குத் தெரியும், உங்கள் ஆட்களுக்குத் தெரியாது. இந்த இரண்டு அறிவும் வேலை தொடங்கும் முன் ஒரே காகிதத்தில் சேர வேண்டும். அதற்குத்தான் வேலை அனுமதிச் சீட்டு. தொழிற்சாலைகளில் ‘ஒர்க் பர்மிட்’ என்பார்கள்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முழுதாகப் போய்ப் பார்ப்போம். கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவர்கள் 45 பேர். ஒரு பெரிய ஷெட், 20 அடி உயரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் கூரை, இடையிடையே வெளிச்சத்துக்கு ஃபைபர் ஷீட். ஷெட்டின் ஒரு மூலையில் பெயின்ட் பூத், அதையொட்டித் தின்னர் வைக்கும் சிறு அறை. ஐப்பசி மழைக்கு முன் உடைந்த எட்டு ஷீட்டை மாற்ற வேண்டும், கழன்ற மழைநீர்த் தகட்டுக்குப் புதிய பிராக்கெட் வைக்க வேண்டும். காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, ‘ரெண்டு நாள் வேலைங்க, அஞ்சு பேரு வர்றோம்’ என்கிறார்.

முதல் காரியம், வருவதற்கு முன்பே ஐந்து பேரின் பெயர், வயது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற நம்பர், இ.எஸ்.ஐ. எண் அல்லது அது இல்லாதவர்களுக்கு விபத்துக் காப்பீட்டுத் தாள் ஆகியவற்றை வாங்குவது. இது வேலை ஆர்டர் கொடுக்கும்போதே நடக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஐந்து பேர் கேட்டில் நிற்கும்போது இ.எஸ்.ஐ. எண் கேட்டால், ‘நாளைக்குத் தர்றேங்க’ என்று பதில் வரும், நீங்களும் உள்ளே விட்டுவிடுவீர்கள். காப்பீட்டுத் தாளில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். தேதி முடிந்துவிட்டதா, உயரத்தில் செய்யும் வேலைக்கு அது பொருந்துமா. ஆபீஸ் ஊழியருக்கு எடுத்த பாலிசியைக் காட்டிக்கொண்டு கூரை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பர்மிட். அதை எழுத வேண்டியவர் உங்கள் சூப்பர்வைசரும் காண்ட்ராக்டரின் மேஸ்திரியும், அதுவும் வேலை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு. ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பிய பர்மிட்டில் ஃபைபர் ஷீட்டுகள் வராது. இங்கே கொல்வது அவைதான். புதிதாகப் போட்டபோது கண்ணாடிபோல் இருந்த ஷீட், சில வருஷத் தூசியும் பாசியும் படிந்த பிறகு மேலிருந்து பார்த்தால் பக்கத்திலிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நிறத்துக்கே வந்துவிடும். கால் வைத்தவர் நேராகத் தரைக்கு வருவார். ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் அவை எங்கே என்று பளிச்சென்று தெரியும். ஆகவே கீழிருந்து எண்ணி, பர்மிட்டின் பின்பக்கம் கூரையைப் படமாக வரைந்து, ஃபைபர் ஷீட் இருக்கும் கட்டங்களில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டுவிட வேண்டும். மேலே ஏறுகிறவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டி விரலால் தொட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து பேரில் இரண்டு பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். படத்துக்கு மொழி வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் ஆள் பாரம் தாங்கும் பொருள் அல்ல. ‘போல்ட் லைன்ல கால் வெச்சு நடந்தா ஒண்ணும் ஆகாதுங்க, இருபது வருசமா நடக்கறவங்க’ என்று மேஸ்திரி சொல்வார். போல்ட்டுக்கு நேர் கீழே பர்லின் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு முழு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குத் தன் கால் தெரியாது. அரையடி விலகினால் கீழே ஒன்றும் இல்லை. அதனால் பர்மிட்டில் வர வேண்டிய முதல் வரி, ஷீட்டின்மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பர்லின்களைத் தாண்டிப் படியும் பலகைகளின்மேல்தான் நடக்க வேண்டும் என்பது. அந்தப் பலகைகளும் வழுக்காமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வரி, ஒவ்வொருவருக்கும் முழு உடல் ஹார்னஸ். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழுந்து தொங்கும்போது அது வயிற்றையும் முதுகையும் முறிக்கும். ஹார்னஸின் கொக்கியை மாட்டும் லைஃப்லைன் கயிறு ட்ரஸ்ஸில் கட்டியிருக்க வேண்டும். மழைநீர்த் தகட்டிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டியிருந்தால் அது போட்டோவுக்குப் போட்ட ஹார்னஸ். உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் தடுப்போ வேறு ஏற்பாடோ வேண்டும் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. இங்கே உயரம் 20 அடி.

மேலே வேலை நடக்கும்போது கீழே யாரும் இருக்கக் கூடாது. இதைச் சொல்வது எளிது. உற்பத்தி நடக்கும் நாளில் எட்டு ஷீட்டுக்குக் கீழே நான்கு லேத்கள் இருந்தால், அந்த நான்கு பேரை எங்கே அனுப்புவது? அதனால்தான் பலரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஞாயிறன்று உங்கள் பக்கத்தில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இருக்காது. மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போயிருப்பார். ஞாயிறு வேலை என்றால் பர்மிட்டில் கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர் கடைசி ஆள் இறங்கும்வரை இருக்க வேண்டும், அவருக்கு அந்த நாளுக்கான மாற்று விடுப்போ கூலியோ கொடுக்க வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட விதி இரண்டாவது ஞாயிறே உடைந்துவிடும்.

ஷெட்டில் ஓவர்ஹெட் கிரேன் இருந்தால் அதன் மெயினை அணைத்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை மேலே ஏறும் மேஸ்திரியிடமே கொடுத்துவிட வேண்டும். அவர் இறங்கிவந்து தானே திறக்கும்வரை யாரும் கிரேனை ஓட்ட முடியாது. ‘அணைச்சு வெச்சிருக்கோம்’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிடுவது மட்டும் போதாது. விவரம் தெரியாமல் ஷிப்ட் மாறி வருகிறவர் அட்டையைத் தள்ளிவிட்டு ஆன் செய்த கதைகள் நிறைய.

மின்சாரத்துக்கு வருவோம். காண்ட்ராக்டர் கொண்டுவரும் டிரில்லிங் மெஷின், கிரைண்டர் வயர்களை உள்ளே விடும் முன் கேட்டிலேயே பார்க்க வேண்டும். பிளக் இல்லாமல், இரண்டு வயர் நுனியையும் உரித்து சாக்கெட் துளைக்குள் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி செருகுவது நம் ஊர்க் கட்டட வேலைகளில் இன்றும் கண்ணெதிரே நடப்பது. அதில் எர்த் வயரே இருக்காது. பிளக் இல்லாத கருவி உள்ளே வரக் கூடாது என்று ஒரே வரி எழுதிவிடுங்கள். நீங்கள் கொடுக்கும் சப்ளையும் 30 மில்லி ஆம்பியரில் துண்டித்துவிடும் கசிவு பிரேக்கர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு கையடக்கப் பெட்டியில் அந்த பிரேக்கரையும் இரண்டு சாக்கெட்டையும் பொருத்தி, ‘வெளியாட்களுக்கு இந்தப் பெட்டியிலிருந்து மட்டும் கரன்ட்’ என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்காது.

பிராக்கெட் வேலையில்தான் பெரிய முடிவு இருக்கிறது. காண்ட்ராக்டர் மேலேயே வைத்து வெல்டிங் அடிக்க நினைக்கிறார். கீழே பதினைந்து அடி தள்ளிப் பெயின்ட் பூத். வெல்டிங், கிரைண்டிங் தீப்பொறி 35 அடி, அதாவது ஏறக்குறைய 11 மீட்டர் சுற்றளவுவரை போகும் என்று வைத்துத்தான் உலகெங்கும் பாதுகாப்பு விதிகள் கணக்குப் போடுகின்றன. உயரத்திலிருந்து விழும் பொறி தரையில் பட்டுச் சிதறி இன்னும் போகும். ஆகவே பர்மிட்டில் நெருப்பு வேலைக்கான பகுதியில் முதல் கேள்வியாக, இந்த வேலையை நெருப்பு இல்லாமல் செய்ய முடியுமா என்று இருக்க வேண்டும். இங்கே முடியும். பிராக்கெட்டுகளை வெளியே காலி இடத்தில் வெல்டிங் செய்து, துளைபோட்டு, மேலே கொண்டுபோய் போல்ட்டில் முடுக்கிவிடலாம். அரை நாள் கூடுதலாகும். காண்ட்ராக்டர் முகம் சுளிப்பார். அந்த அரை நாளுக்கான கூலியைக் கொடுத்துவிடுவதே மலிவு.

வேறு வழியே இல்லாமல் உள்ளேதான் வெல்டிங் என்றால், அந்தச் சுற்றளவிலிருந்து தின்னர், பெயின்ட், காட்டன் வேஸ்ட், அட்டைப்பெட்டி எல்லாம் வெளியேற வேண்டும். காலி தின்னர் டின்னையும் விடக் கூடாது. நிறைந்த டின்னைவிட அது மோசம், உள்ளே ஆவி நிரம்பியிருக்கும். நகர்த்த முடியாததை நெருப்புத் தாங்கும் துணியால் மூட வேண்டும். தீயணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். வெல்டிங் முடிந்த பிறகும் அவர் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். துணி மடிப்பிலோ கூரைத் தூசியிலோ விழுந்த பொறி மெதுவாகக் கனிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றிக்கொள்வதுதான் இந்தத் தீயின் குணம். இதை நேரக் கணக்காக மாற்றி எழுதினால்தான் நடக்கும். கேட் மூடுவது மாலை 5.30 என்றால் கடைசி வெல்டிங் 4.30க்கு நிற்க வேண்டும். ‘இன்னும் ரெண்டே டாக்குதாங்க’ என்று 5.20க்குக் கேட்டால் பதில், நாளைக் காலை.

பழைய ஷீட்டை இறக்கும் விதத்தையும் பர்மிட்டில் எழுத வேண்டும். உடைத்துக் கீழே போடாமல் முழுசாகக் கயிற்றில் இறக்க வேண்டும். அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தால் கிரைண்டர் வேண்டாம், தண்ணீர் தெளித்துக் கையால் அறுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். விழுந்த தூளை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. அதைச் சுவாசிக்கப் போவது திங்கட்கிழமை லேத்துக்குத் திரும்பும் உங்கள் ஆட்கள்தான்.

இந்த பர்மிட் ஒரு ஷிப்டுக்கு மட்டும் செல்லும். இரண்டு நாள் வேலை என்றால் இரண்டு பர்மிட். இது வீண் வேலைபோலத் தோன்றும். ஆனால் இரண்டாம் நாள் காலையில் கேட்டில் நடப்பதைப் பாருங்கள்.

‘நேத்து வந்த அதே ஆளுங்கதானுங்களா?’

‘மூணு பேரு அதேதாங்கண்ணா. ரெண்டு பேருக்கு ஒடம்புக்கு முடியல, வேற ரெண்டு பசங்களக் கூட்டிட்டு வந்திருக்கேன்.’

முதல் நாள் காலையில் கூரைப் படத்தைத் தொட்டுக் காட்டியபோது அந்த இரண்டு பையன்கள் அங்கே இல்லை. ஃபைபர் ஷீட் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பெயரில் காப்பீடும் இல்லை. ஐந்து பேர் வந்தாயிற்று என்று தலையை எண்ணி உள்ளே விட்டால் முதல் நாள் செய்த ஏற்பாடு அத்தனையும் பொய். பர்மிட்டில் உள்ள பெயர்களைப் படித்து ஆளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். புதியவர்கள் தாளோடு வந்தால் சூப்பர்வைசர் மறுபடி விளக்கிச் சொன்ன பிறகு ஏறலாம், இல்லையென்றால் அன்று மூன்று பேரோடு வேலை நடக்கட்டும். இடையில் மழை தூறினாலோ காற்று வலுத்தாலோ பர்மிட் அந்த நிமிஷமே நிற்கும். மறுபடி ஏறும் முன் சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு வேலையை மட்டும் சிறு தொழிற்சாலை தன் பர்மிட்டால் அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது ஆள் உள்ளே இறங்க வேண்டிய தொட்டி வேலை. கழிவுநீர்த் தொட்டி, எஃபுளூயன்ட் சம்ப், மூடிக் கிடந்த பழைய ரசாயனத் தொட்டி எல்லாம் இதில் அடக்கம். செப்டிக் டேங்குக்குள் போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொழிற்சாலைத் தொட்டிகளுக்கும் காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இறங்குகிறவரின் பெல்ட்டில் கட்டிய கயிற்றை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். ‘நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்’ என்பதில்தான் சாவு இருக்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கியதும் காப்பாற்ற இறங்குகிற இரண்டாமவரும் சாகிறார். வாயு அளக்கும் கருவியும், மூச்சுக் கருவியும், மீட்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாத இடத்தில் ஒரு வரி மட்டும் இருக்கட்டும்: ஆள் இறங்கும் தொட்டி வேலைக்கு இங்கே பர்மிட் கிடையாது. உறிஞ்சு லாரியை வரவழைத்து வெளியிலிருந்தே சுத்தம் செய்ய வேண்டும்.

இத்தனையும் கடைசியில் வந்து நிற்பது கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம். ஏஜென்சி அனுப்பிய, ஐம்பது வயது தாண்டிய, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மனிதர் அவர். காண்ட்ராக்டர் முதலாளியோடு தோளில் கைபோட்டுப் பேசுவதைப் பார்த்திருப்பார். அவரைப் பார்த்து ‘நிறுத்துங்கள்’ என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. அவர் நிறுத்தியதற்காக யாரும் திட்ட மாட்டார்கள் என்று முதலாளியே காண்ட்ராக்டர்கள் எதிரில் சொல்ல வேண்டும். ஒருமுறை முதலாளியின் மைத்துனரைச் சீட்டில்லாமல் உள்ளே விட்டால், அன்றோடு அவர் வாய் அடைபட்டுவிடும். முதலாளி தன் விருந்தாளிக்கும் தானே சீட்டு எழுதிக் கொடுத்தால், பிறகு விதியை விளக்க வேண்டிய அவசியமே வராது.

வாட்ச்மேன் தடுக்கக் கூடாதவர்களும் உண்டு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகளுக்குச் சட்டப்படி உள்ளே வரும் உரிமை இருக்கிறது. முன்னறிவிப்பில்லாமலும் வரலாம். அடையாள அட்டையைப் பார்த்து, மேனேஜருக்குப் போன் செய்து, பாதுகாப்புக் காலணி கொடுத்து, உடனே அழைத்துப் போக வேண்டும். ‘முதலாளி வரட்டும்’ என்று கேட்டில் நிற்க வைப்பது சட்டச் சிக்கல். தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் நோட்டே வேண்டாம், கேட் முழுதாகத் திறக்கட்டும்.

வாட்ச்மேனுக்குத் தர வேண்டிய இன்னொன்று ஆணி அடித்த ஒரு பலகை. வகைக்கு ஒரு நிறமாக எண் போட்ட அட்டைகள் அதில் தொங்கும். உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வார், வெளியே வரும்போது திரும்ப மாட்டுவார். பலகையில் எத்தனை ஆணி காலியாக இருக்கிறதோ அத்தனை வெளியாட்கள் உள்ளே. தீப்பிடித்து எல்லோரும் வெளியே கூடும்போது நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க நேரமிருக்காது, ஆணியை எண்ண அரை நிமிஷம் போதும். கூரைமேல் இருந்தவரும் கழிவறையில் இருந்தவரும் வந்தார்களா என்று தீயணைப்புக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தப் பலகைதான் பதில். எந்த நிறத்துக்கு எதுவரை அனுமதி என்று உள்ளே வேலை செய்கிற 45 பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை அட்டையோடு ஒருவர் பெயின்ட் பூத் அருகே தனியாக நின்றால், பக்கத்து லேத்காரரே ‘யாருங்க கூட வந்தாங்க?’ என்று கேட்டுவிடுவார்.

விதி நடக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. பழைய பர்மிட் கட்டை எடுத்துப் பாருங்கள். எல்லா வேலையும் சரியாக 5.30க்கு முடிந்ததாக எழுதியிருந்தால் யாரோ மாலையில் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். காலியான பர்மிட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த தாள்கள் சூப்பர்வைசர் டிராயரில் இருந்தால், அவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போவதில்லை. மூன்று மாதத்தில் ஒரு பர்மிட்கூட மறுக்கப்படவோ பாதியில் நிறுத்தப்படவோ இல்லையென்றால், அந்த மூன்று மாதமும் மழையே பெய்யவில்லையா, ஆள் மாறி வரவில்லையா என்று கேட்க வேண்டும். இன்னொரு சோதனை: ஏதாவது ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கேட்டுக்குப் போய், ‘இப்ப வெளியாட்கள் எத்தனை பேர் உள்ள இருக்காங்க?’ என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையோடு ஷெட்டைச் சுற்றி நடந்து தலையை எண்ணுங்கள். ஒருவர் கூடுதலாக இருந்தால் அவர் எந்த வழியாக வந்தார் என்று தேடுங்கள். பல தொழிற்சாலைகளில் அது பின்பக்கம் ஸ்கிராப் ஏற்றும் சிறு கேட்டாக இருக்கும், பகலெல்லாம் பூட்டாமல்.